போன் அப்டேட்டுக்குப் பிறகு இயர்பட்ஸ் இணையவில்லையா? எந்த ரீசெட் முதலில், எது கடைசியில்

இரவு அப்டேட்டைப் போட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். காலையில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் எப்படியோ ஓர் இடம் பிடித்து, இயர்பட்ஸைக் காதில் மாட்டிப் பாட்டைத் தட்டினால், அது போன் ஸ்பீக்கரில் அலறுகிறது. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த பொருள். அன்று மாலையே புறக்கோட்டைக்குப் போய்ப் புதிது வாங்குபவர்கள் இருக்கிறார்கள். போனைக் கடையில் கொடுத்து “சொப்ட்வெயார் அடித்துத் தாங்கோ” என்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே வீண் செலவு. வீட்டில் இருந்தபடியே சரிசெய்யலாம். ஆனால் வரிசை முக்கியம். எதையும் இழக்காத வேலைகளை முதலில் செய்ய வேண்டும், வைஃபை பாஸ்வேர்டையும் ஸ்மார்ட் வாட்ச் இணைப்பையும் அழித்துவிடும் ரீசெட்டுகளைக் கடைசிக்கு வைக்க வேண்டும். பலர் செய்வது நேர் எதிர்: எங்கோ கேட்ட network reset-ஐ எடுத்தவுடனேயே அடித்துவிடுகிறார்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கும்

போனும் இயர்பட்ஸும் முதன்முதலாக இணையும்போது, தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. இதை லிங்க் கீ என்பார்கள். இந்தச் சாவி இரண்டு இடங்களிலும் சேமிக்கப்படுகிறது: போனில் ஒன்று, இயர்பட்ஸின் சிறிய நினைவகத்தில் ஒன்று. அடுத்த நாள் கேஸைத் திறந்தவுடன் தானாக இணைவது இதனால்தான். இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்து, பொருந்தினால் இணைப்பைத் திறக்கின்றன. சாவியோடு சேர்த்து, “இந்தக் கருவி பாட்டு வாங்கும், அழைப்பு வாங்கும், இன்ன முறையில் ஒலியை வாங்கும்” என்ற குறிப்பையும் போன் எழுதி வைத்துக்கொள்கிறது.

பெரிய அப்டேட் ஒன்று வரும்போது போனின் புளூடூத் மென்பொருளும் மாறலாம். புதிய மென்பொருள் பழைய குறிப்பை வேறு விதமாக வாசித்தாலோ, ஒலி அனுப்பும் முறையில் ஒன்று புதிதாக இயக்கப்பட்டிருந்தாலோ, இயர்பட்ஸ் பக்கம் எதுவும் மாறாதபோதும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். அதனால்தான் பொருள் உடையாமலே இணைப்பு உடைகிறது. இதில் கவனிக்க வேண்டியது, போனில் மட்டும் அழித்தால் பாதி வேலைதான் முடிகிறது என்பது. மற்றப் பாதி இயர்பட்ஸுக்குள் இருக்கிறது.

முதலில் குறியைப் பாருங்கள்

எதையும் அழிக்க முன், என்ன மாதிரியான கோளாறு என்று பாருங்கள். Bluetooth பட்டியலில் பெயரைத் தட்டினால் “Connecting” என்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறதா? அல்லது “Connected” என்று ஒரு கணம் காட்டிவிட்டு மறைகிறதா? அப்படியானால் சாவி பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். இணைந்தே இருக்கிறது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை என்றால் சாவியில் பிழை இல்லை, ஏதோ ஓர் அமைப்பு மாறியிருக்கிறது. பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால் இயர்பட்ஸ் வேறு எதனுடனோ இணைந்திருக்கலாம், அல்லது இயங்கவே இல்லை.

இந்தக் கடைசி வகையைக் கொழும்பில் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் இயர்பட்ஸின் அடியில் இருக்கும் சிறு உலோகப் புள்ளிகளில் அழுக்கு படிந்துவிடும். அப்போது கேஸுக்குள் வைத்தாலும் சார்ஜ் ஏறாது. அது அப்டேட் வந்த வாரத்திலேயே நடந்துவிட்டால் பழி அப்டேட்டின் மேல் விழும். இரண்டையும் கேஸில் வைத்து எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்து விளக்கு மட்டும் எரியவே இல்லை என்றால், காய்ந்த பஞ்சுக் குச்சியால் அந்தப் புள்ளிகளையும் கேஸின் உள்ளே இருக்கும் ஊசிகளையும் துடைத்து, ஒரு மணித்தியாலம் சார்ஜில் போடுங்கள். தண்ணீர் வேண்டாம்.

அடுத்து, வீட்டில் இருக்கும் லெப்டொப், டெப்லெட், டிவி எல்லாவற்றிலும் புளூடூத்தை நிறுத்துங்கள். இயர்பட்ஸ் பல கருவிகளை நினைவில் வைத்திருக்கும். போன் அப்டேட்டுக்காக அணைந்து எழுந்த இடைவெளியில் லெப்டொப் அதைப் பிடித்துக்கொண்டால், போன் பக்கம் எவ்வளவு தட்டினாலும் பலன் இல்லை.

இதற்குப் பிறகு ஒரு சோதனை. இது மிகவும் பயனுள்ளது, ஆனால் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். இயர்பட்ஸை வீட்டில் வேறொருவரின் போனுடன் இணைத்துப் பாருங்கள். உங்கள் போனை வேறொரு புளூடூத் ஸ்பீக்கருடனோ காருடனோ இணைத்துப் பாருங்கள். இயர்பட்ஸ் மற்றப் போனில் நன்றாகப் பாடி, உங்கள் போனும் ஸ்பீக்கருடன் நன்றாகப் பாடினால், கோளாறு இந்த இருவருக்கும் இடையில் மட்டும்தான். கீழே வரும் முதல் இரண்டு படிகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். உங்கள் போன் எதனுடனும் சேரவில்லை என்றால் கோளாறு போனில். பிந்திய படிகள் தேவைப்படும். இயர்பட்ஸ் எந்தப் போனுடனும் சேரவில்லை என்றால் போனை ரீசெட் செய்து பாஸ்வேர்டுகளைத் தொலைப்பதில் அர்த்தமே இல்லை.

இடத்தையும் பாருங்கள். புளூடூத் பேசுவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில். பழைய வகை வைஃபையும் அங்கேதான். வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியில் சுற்றிவர எத்தனை ரவுட்டர் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை நேரத்தில் கோட்டை ரயில் நிலையத்தில் ஆயிரம் போன்கள். அங்கு விட்டுவிட்டு ஒலிப்பது வேறு பிரச்சினை, இணையவே மறுப்பது வேறு பிரச்சினை. சோதனைகளை வீட்டில், அமைதியான அறையில், போனையும் இயர்பட்ஸையும் ஒரு முழம் தூரத்துக்குள் வைத்துச் செய்யுங்கள்.

படி ஒன்று: உண்மையாகவே அணைத்து எழுப்புங்கள்

பெரிய அப்டேட் முடிந்த பிறகும் போன் சில மணித்தியாலங்களுக்கு உள்ளே ஒழுங்குபடுத்தும் வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். சூடாவதும் தாமதமாவதும் அதனால்தான். முடிந்தால் சார்ஜில் போட்டு விட்டுவிடுங்கள். பிறகு போனை முழுதாக அணைத்து, அரை நிமிடம் கழித்து எழுப்புங்கள். இயர்பட்ஸை கேஸில் வைத்து மூடி, அரை நிமிடம் விட்டுத் திறவுங்கள்.

“புளூடூத்தை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தேனே” என்பீர்கள். ஐபோனில் திரையை இழுத்தால் வரும் Control Center-இல் புளூடூத் பொத்தானைத் தட்டினால் புளூடூத் அணைவதில்லை. இருக்கும் இணைப்புகள் மட்டும் துண்டிக்கப்படுகின்றன. உண்மையில் அணைக்க வேண்டுமானால் Settings > Bluetooth உள்ளே போய் அணைக்க வேண்டும். Airplane mode-ஐயும் நம்ப வேண்டாம். புதிய போன்கள் பலவற்றில் அதைப் போட்டாலும் புளூடூத் அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

படி இரண்டு: இரண்டு பக்கமும் மறக்க வையுங்கள்

பெரும்பாலான நேரங்களில் காரியம் முடிவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போனில் Settings > Bluetooth போய், இயர்பட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தையோ i குறியையோ தட்டுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் Forget என்றோ Unpair என்றோ இருக்கும். ஐபோனில் Forget This Device. ஐபோனில் எயார்பொட்ஸை இப்படி மறக்க வைத்தால், அதே ஐகிளவுட் கணக்கில் இருக்கும் மற்றக் கருவிகளிலிருந்தும் அது போய்விடும். பயப்பட வேண்டாம், மறுபடி இணைத்தால் வந்துவிடும்.

இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத்தான் “எல்லாம் செய்து பார்த்தேன், சரிவரவில்லை” என்ற நிலை வருகிறது. இயர்பட்ஸ் தன் பக்கத்துச் சாவியை இன்னும் வைத்திருக்கிறது. கேஸைத் திறந்தவுடன் அது பழைய போனைத் தேடி அழைக்கிறது. போனோ அதை யாரென்று தெரியாமல் தட்டிவிடுகிறது. அழைத்துக்கொண்டே இருப்பதால் அது புதிதாக இணைக்கும் நிலைக்குப் போவதில்லை, பட்டியலிலும் தெரிவதில்லை. எனவே இயர்பட்ஸையும் ரீசெட் செய்ய வேண்டும்.

எப்படி ரீசெட் செய்வது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பின்னால் பொத்தான் உள்ள எயார்பொட்ஸ் கேஸ் என்றால், இரண்டையும் உள்ளே வைத்து மூடி 30 விநாடி பொறுத்து, மூடியைத் திறந்து, அந்தப் பொத்தானை விளக்கு மஞ்சளாகச் சிமிட்டிப் பிறகு வெள்ளையாகும்வரை, ஏறத்தாழ 15 விநாடி, அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி பட்ஸ் என்றால் Galaxy Wearable செயலிக்குள் Earbuds settings-இல் Reset இருக்கிறது. ஆனால் செயலி திறக்க இணைப்பு வேண்டும், ஆகவே இணையும் ஒரு போனில் வைத்துச் செய்யுங்கள். புறக்கோட்டையில் வாங்கிய மலிவு வகைகளில் கேஸில் ஒரு பொத்தான் இருக்கலாம், அல்லது இரண்டு காதுத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் பத்து விநாடி அளவில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கலாம். பெட்டிக்குள் வந்த சிறு கடதாசியைத் தேடுங்கள். அதைத் தூக்கி எறிந்திருந்தால் பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். விளக்கு சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சிமிட்டினால், பொதுவாக அது புதிய இணைப்புக்குத் தயார் என்று அர்த்தம்.

மலிவு வகைகளில் ஒரு தொல்லை உண்டு. ரீசெட் செய்தபின் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை தெரியும்; சிலவற்றில் ஒன்றில் L, மற்றதில் R என்று ஒட்டியிருக்கும். இடதும் வலதும் ஒன்றையொன்று மறந்துவிட்டன என்று பொருள். அவசரப்பட்டு இரண்டையும் போனில் இணைத்துவிடாதீர்கள். இரண்டையும் மறக்க வைத்து, போனின் புளூடூத்தை அணைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகக் கேஸில் வைத்து, ஒன்றாகவே எடுங்கள். பெரும்பாலானவை சில விநாடிகளில் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளும். ஒரு பக்கத்து விளக்கு நின்று மற்றது மட்டும் சிமிட்டும். அதன்பிறகு போனின் புளூடூத்தைப் போட்டால் ஒரே ஒரு பெயர்தான் தெரிய வேண்டும். அதைத் தட்டுங்கள்.

படி மூன்று: இணைகிறது, சத்தம் இல்லை என்றால்

மறுபடி இணைந்தபின், இயர்பட்ஸ் பெயருக்குப் பக்கத்துச் சக்கரத்தைத் தட்டி உள்ளே பாருங்கள். ஆண்ட்ராய்டில் Media audio என்ற சுவிட்ச் இருக்கும், அழைப்புகளுக்கு இன்னொன்று இருக்கும். Media audio அணைந்திருந்தால் வட்ஸ்அப் அழைப்பு காதில் கேட்கும், பாட்டு போனில் அலறும். அதைப் போட்டுவிட்டாலே போதும்.

அதே பக்கத்தில் LE Audio என்று ஒரு சுவிட்ச் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இது புளூடூத்தின் புதிய ஒலி முறை. ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்கு ஆதரவு இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு போன் இந்த முறையில் பேச முயன்று, இயர்பட்ஸ் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் போனால், இணைவதும் விடுவதுமாக ஆடிக்கொண்டிருக்கும். அதை அணைத்து, ஒருமுறை துண்டித்து மறுபடி இணைத்துப் பாருங்கள். LDAC அல்லது HD audio என்று ஏதாவது இருந்தால் அதையும் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம். சத்தத்தின் தரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இயர்பட்ஸ் பாடுகிறது, ஆனால் அதற்கான செயலி மட்டும் “இணைக்கப்படவில்லை” என்கிறதா? ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் கருவிகளைத் தேடவும் பேசவும் செயலிகளுக்கு Nearby devices என்ற தனி அனுமதி வேண்டும். செயலியின் Permissions-இல் அதைத் திறந்துவிடுங்கள். ஐபோனில் Settings > Privacy & Security > Bluetooth.

ஒரு உதாரணம்: தங்கச்சியின் போன்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு நடந்ததைச் சொன்னால் வரிசை ஏன் முக்கியம் என்று விளங்கும். அவளுடையது ஒரு ஆண்ட்ராய்டு போன். இயர்பட்ஸ் முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய மலிவு வகை. “அண்ணா, கனெக்ட் ஆகுது, உடனே விட்டுட்டுப் போகுது” என்று வொய்ஸ் அனுப்பியிருந்தாள். நான் பதில் சொல்வதற்குள் அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு புளூடூத்தையும் வைஃபையையும் சேர்த்து ரீசெட் அடித்திருந்தாள். வீட்டு வைஃபை, அலுவலக வைஃபை, அம்மா வீட்டு வைஃபை எல்லாம் போய்விட்டன. கையில் கட்டியிருந்த வாட்ச்சும் போனை விட்டுப் பிரிந்து, படி எண்ணிக்கை காட்டுவதை நிறுத்தியிருந்தது. இயர்பட்ஸ் மட்டும் பட்டியலிலேயே வரவில்லை.

அவள் கணவரின் போனில் இயர்பட்ஸைத் தேடச் சொன்னேன், அங்கும் தெரியவில்லை. இதுதான் குறி. இயர்பட்ஸ் பழுது என்றால் பெரும்பாலும் விளக்கே எரியாது, ஆனால் கேஸைத் திறந்தவுடன் இரண்டிலும் நீல விளக்கு மெதுவாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதாவது பழைய போனைத் தேடிக்கொண்டிருந்தது; போனில்தான் அந்த இணைப்பின் தடயமே இல்லை. கேஸின் அடியில் இருந்த பொத்தானை விளக்கு சிவப்பாகும்வரை அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள், இரண்டு பெயர்கள் தெரிந்தன. அவசரத்தில் ஒன்றைத் தட்டிவிட்டாள், வலது காதில் மட்டும் சத்தம். அதை மறக்க வைத்து, போனின் புளூடூத்தை அணைத்து, இரண்டையும் கேஸில் சேர்த்து வைத்து எடுத்தபோது ஒரே பெயர் வந்தது. இணைந்தது. பாட்டுப் போட்டால் மறுபடி போன் ஸ்பீக்கர். Media audio அணைந்திருந்தது. அதைப் போட்டதும் முடிந்தது.

ஆக, ரீசெட்டால் கிடைத்தது ஒன்றுமில்லை. போனில் இருந்த சாவியை அது அழித்தது உண்மைதான், ஆனால் அதை Forget என்ற ஒரே தட்டில் செய்திருக்கலாம். அவளுக்கு மிச்சமிருந்த வேலை, வாட்ச்சைத் தொடக்கத்திலிருந்து மறுபடி இணைப்பது. அதுதான் உண்மையில் நேரம் எடுத்தது.

படி நான்கு: புளூடூத் கேஷ், இயர்பட்ஸ் அப்டேட்

இவை இரண்டும் எதையும் இழக்க வைக்காத வேலைகள் என்பதால் பெரிய ரீசெட்டுக்கு முன் வைக்கிறேன். ஆண்ட்ராய்டில் Settings > Apps போய், பட்டியலில் சிஸ்டம் செயலிகளும் தெரியும்படி மாற்றுங்கள். சாம்சங்கில் வடிகட்டிக் குறியைத் தட்டினால் Show system apps வரும். அங்கே Bluetooth-ஐத் திறந்து, Storage உள்ளே Clear cache தட்டி, போனை மறுபடி எழுப்புங்கள். பக்கத்திலேயே Clear data என்று இருக்கும். அதைத் தொட்டால் மற்றப் புளூடூத் இணைப்புகளும் போய்விடலாம், ஆகவே இப்போதைக்கு வேண்டாம். ஐபோனில் இப்படி ஒரு இடமே இல்லை, நேராக அடுத்ததற்குப் போகலாம்.

இயர்பட்ஸுக்கும் தன் சொந்த மென்பொருள் இருக்கிறது. போன் புதிதாகி இயர்பட்ஸ் பழையதாகவே இருந்தால் இருவருக்கும் ஒத்துவராமல் போவதுண்டு. உங்கள் போனில் இணையவில்லை என்றால், இணையும் வேறொருவரின் போனில் அந்தச் செயலியைப் போட்டு இயர்பட்ஸை அப்டேட் செய்யலாம். புதிய மென்பொருள் இயர்பட்ஸுக்குள்தான் போகிறது, எந்தப் போன் அனுப்பியது என்பது பிரச்சினையில்லை. எயார்பொட்ஸுக்குக் கையால் அப்டேட் போடும் பொத்தான் இல்லை. கேஸில் வைத்துச் சார்ஜ் ஏறிக்கொண்டு, ஐபோனுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதுவாகவே வரும். செயலியே இல்லாத மலிவு வகைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை.

படி ஐந்து: வைஃபை, புளூடூத் ரீசெட்

இங்கு வருவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: உங்கள் போன் இயர்பட்ஸுடன் மட்டுமல்ல, ஸ்பீக்கர், கார் எதனுடனும் ஒழுங்காகச் சேரவில்லை. அல்லது இரு பக்கமும் மறக்க வைத்த பிறகும் இந்த ஒரு போன் மட்டும் மறுக்கிறது. புளூடூத்துக்கு ஏன் “நெட்வேர்க்” ரீசெட் என்று கேட்கலாம். பெரும்பாலான போன்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கின்றன, அலைவரிசையையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே அவற்றின் அமைப்புகளையும் சேர்த்தே வெறுமையாக்குகிறார்கள்.

அழிக்க முன் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை இணைப்பைத் தட்டி Share கொடுத்தால் QR குறி வரும், பல போன்களில் அதன் கீழே பாஸ்வேர்டும் தெரியும். அதைக் குறித்து வையுங்கள். ஐபோனில் iOS 16 முதல் Settings > Wi-Fi-இல் i குறியைத் தட்டி Password என்ற வரியைத் தொட்டால் தெரியும். வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். அலுவலக VPN இருந்தால் அதன் விவரத்தை ஐடி பிரிவிடம் கேட்டு வையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்கள் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். சில வாட்ச்களை மறுபடி இணைக்க அதையும் தொழிற்சாலை நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே அதன் தரவு செயலியில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கூகிள் பிக்சல் போன்ற போன்களில் இது Settings > System > Reset options > Reset Bluetooth & Wi-Fi. சாம்சங்கில் Settings > General management > Reset உள்ளே. புதியவற்றில் Reset Wi-Fi and Bluetooth settings என்று தனியாகவும் Reset mobile network settings என்று தனியாகவும் இருக்கும். தனியாக இருந்தால் வைஃபை, புளூடூத்தை மட்டும் தட்டுங்கள். சிம் சம்பந்தமான அமைப்புகளுக்கும் இயர்பட்ஸுக்கும் தொடர்பில்லை, டேட்டா வேலை செய்யாமல் போவதுதான் மிச்சம். மற்றப் போன்களில் Settings-இன் மேலே தேடும் இடத்தில் reset என்று தட்டினால் வந்துவிடும். ஐபோனில் Settings > General > Transfer or Reset iPhone > Reset > Reset Network Settings. அங்கே எல்லாம் ஒரே கட்டு, பிரித்துச் செய்ய முடியாது.

ஒன்றை மட்டும் கவனமாக வாசியுங்கள்: இந்தத் திரைகளில் eSIM-ஐ அழிப்பது பற்றி ஏதாவது ஒரு பெட்டியோ வரியோ இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். eSIM அழிந்தால் அதை மறுபடி எடுக்க உங்கள் சேவை நிறுவனத்திடம் போக வேண்டும். இயர்பட்ஸுக்காக நம்பரை இழந்து வரிசையில் நிற்பது அநியாயம். அதுபோல ஐபோனில் பக்கத்திலேயே இருக்கும் Erase All Content and Settings வேறு விடயம். அது போனையே துடைத்துவிடும்.

ரீசெட் முடிந்து போன் எழுந்ததும் வைஃபையைச் சேர்க்க முன்பே இயர்பட்ஸை முதலில் இணையுங்கள், அதுவும் படி இரண்டில் சொன்னபடி இயர்பட்ஸையும் ரீசெட் செய்த நிலையில். ஒழுங்காக இணைந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். அப்படிச் செய்தால், வாட்ச்சைச் சேர்த்தவுடன் இயர்பட்ஸ் விடுகிறது என்பது போன்ற ஒன்று இருந்தால் அது உடனே கண்ணில் படும்.

இதற்கும் மசியவில்லை என்றால்

போன் இன்னும் எந்தப் புளூடூத் கருவியுடனும் சேரவில்லை, அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அதே அப்டேட்டுக்குப் பிறகு இதே கதை என்றால், பிழை அப்டேட்டிலேயே இருக்கிறது. அதை உங்கள் வீட்டில் இருந்து திருத்த முடியாது. தயாரிப்பாளர் அடுத்து அனுப்பும் சிறிய அப்டேட்தான் திருத்தும். Settings-இல் மென்பொருள் அப்டேட் பக்கத்தை இடைக்கிடை திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் Google Play system update என்று தனியாக ஒன்றும் இருக்கும்; அதையும் பாருங்கள்.

பழைய மென்பொருளுக்குத் திரும்பலாம் என்று கடையில் சொல்வார்கள். அது பொதுவாகப் போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துத்தான் நடக்கும். பல போன்கள் பழையதற்குத் திரும்ப அனுமதிப்பதே இல்லை, உத்தரவாதமும் போகக்கூடும். முழு factory reset-உம் இயர்பட்ஸ் ஒன்றுக்காகச் செய்யத் தகுந்ததல்ல என்பது என் கருத்து. அப்டேட்டில் உள்ள பிழை, போனைத் துடைத்தாலும் அங்கேயேதான் இருக்கும். அரை நாள் செலவழித்து வங்கிச் செயலி, வட்ஸ்அப் எல்லாம் மறுபடி ஏற்றியபின் அதே “Connecting” சுற்றிக்கொண்டிருக்கும்.

போனுக்கு உத்தரவாதம் இருந்தால், செய்த சோதனைகளை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாங்கிய இடத்துக்கே போங்கள். அப்டேட் போட்ட திகதி, Settings-இல் About phone பக்கத்தில் இருக்கும் மென்பொருள் பதிப்பு, இயர்பட்ஸ் வேறு போனில் வேலை செய்கிறதா, போன் வேறு ஸ்பீக்கருடன் வேலை செய்கிறதா என்ற நான்கு விடயமும் கையில் இருந்தால், “ரீசெட் செய்து பார்த்தீர்களா?” என்ற முதல் கேள்வியிலேயே அரை மணித்தியாலம் போகாது. அதுவரை பஸ்ஸுக்கு ஒரு வயர் ஹேண்ட்ஸ்ஃப்ரீ போதும். வாங்கும்போது போனில் 3.5 மில்லிமீற்றர் துளை இருக்கிறதா, டைப்-சி மட்டும்தானா என்று பார்த்து, கடையிலேயே செருகிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.